இல்லாத பெருவிரல் ஏன் மடங்கிக்கொண்டு வலிக்கிறது?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை நோய். பெருவிரலில் வந்த புண் ஆறாமல் போய், நான்கு மாதத்துக்கு முன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தையல் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் இல்லாத அந்தப் பெருவிரல் உள்பக்கமாக மடங்கிக்கொண்டு வலிக்கிறது என்கிறார். ராத்திரியில் "கால்மேல கிடக்கிற போர்வையை எடு" என்கிறார். எடுத்த காலை வாங்கி முறையாகப் புதைக்காததுதான் காரணம் என்று அம்மா அழுகிறார். அண்ணன் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்கிறான். என்ன செய்வது?
— வாசகி, கரூர்

பதில்: முதலில் அண்ணனுக்குச் சொல்லிவிடுங்கள், அப்பாவின் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. கையோ காலோ எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த உறுப்பு இன்னும் இருப்பது போலவே தெரியும். பலர் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். என்னிடம் செயற்கைக் கால் பொருத்த வருபவர்களிடம் நானாகவே "விரல் தெரியுதா?" என்று கேட்பேன். சிலர் ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் "தெரியுது சார்" என்பார்கள்.

அம்மாவின் கவலைக்கும் ஒரு வார்த்தை. புதைத்த காலின் விரல் மடங்கியிருந்தால் இருப்பவருக்கு வலிக்கும் என்ற நம்பிக்கை நம் ஊரில் மட்டுமல்ல, பல நாடுகளிலும் உண்டு. அதற்குக் காரணம், உங்கள் அப்பாவைப் போலவே எல்லா ஊரிலும் "விரல் மடங்கியிருக்கிறது" என்று நோயாளிகள் சொன்னதுதான். அவர்கள் சொன்னது நிஜம். மடங்கியிருக்கும் இடம்தான் மண்ணுக்குள் இல்லை, மண்டைக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'ஃபேண்டம் லிம்ப்' என்று பேர் வைத்தவர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த சைலஸ் வியர் மிட்செல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களைப் பார்த்துப் பார்த்து 1871இல் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். ஃபேண்டம் என்றால் ஆவி. இந்தப் பெயரால் நோயாளிகளுக்கு நல்லதைவிடக் கெட்டதே அதிகம் நடந்திருக்கிறது என்பது என் எண்ணம். நாம் மாயக் கால் என்றே வைத்துக்கொள்வோம்.

அப்பாவின் வலியைப் புரிந்துகொள்ள மூளையில் இருக்கும் உடல் வரைபடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தலையின் இரு பக்கமும், காதுக்கு மேலே தொடங்கி உச்சி வரை, மூளையின் மேற்பரப்பில் பட்டையாக ஒரு மேடு ஓடுகிறது. உடம்பில் எங்கே தொட்டாலும் அந்தச் செய்தி கடைசியில் வந்து சேரும் இடங்களில் முக்கியமானது அது. வலது உடம்பின் செய்தி இடது மேட்டுக்கு வரும். ஒவ்வொரு பாகத்துக்கும் அங்கே தனித்தனி இடம் உண்டு. கனடாவின் மான்ட்ரியாலில் 1930களில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர் இதை நேரடியாகப் பார்த்தார். வலிப்பு நோய்க்காக மண்டையைத் திறக்கும்போது நோயாளிக்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை, தோலை மட்டும் மரத்துப்போக வைப்பார். மூளைத் திசுவுக்குத் தொட்டால் வலி தெரியாது. மெல்லிய மின்முனையால் அந்த மேட்டில் ஓரிடத்தைத் தொட்டால் நோயாளி "கட்டைவிரல் கூசுகிறது" என்பார். அந்த நேரத்தில் கட்டைவிரலை யாருமே தொட்டிருக்க மாட்டார்கள். சற்றுத் தள்ளித் தொட்டால் உதடு என்பார்.

இப்படிக் கிடைத்த வரைபடத்தில் உடம்பு நம் உடம்பு மாதிரி இல்லை. உதட்டுக்கும் கை விரல்களுக்கும் பெரிய பெரிய மனை, முதுகுக்கு ஒரு துண்டு நிலம். முகத்துக்கு அடுத்த வீடு கை. காலும் பாதமும் உச்சியைத் தாண்டி, மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் உள்மடிப்பில் இருக்கின்றன.

அப்பாவின் பெருவிரல் போய்விட்டது. அந்த உள்மடிப்பில் பெருவிரலுக்கென்று இருந்த வீடு போகவில்லை. அதில் ஏதாவது சலனம் வந்தால் மூளைக்கு அது ஒன்றுதான் பொருள்: பெருவிரலில் ஏதோ நடக்கிறது. வாசல் அழைப்பு மணியின் கம்பி நடுவழியில் எங்கேயோ உரசிக்கொண்டால் உள்ளே மணி அடிக்கும். உள்ளே இருப்பவர் வாசலுக்குத்தான் ஓடுவார்.

அப்படியானால் அந்த வீட்டில் இப்போது என்ன நடக்கிறது? பல வருடங்களாக மருத்துவ மாணவர்களுக்குச் சொன்ன பதில் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. நானும் அந்தப் பழைய பதிலைத்தான் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதிலுக்கு ஒரு சென்னைத் தொடர்பு உண்டு. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் பிற்பாடு கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் பேராசிரியரானார். 1990களின் தொடக்கத்தில், விபத்தில் கையை இழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் அவர் உடம்பின் பல இடங்களைத் தொட்டுப் பார்த்தார். கன்னத்தில் ஓரிடத்தைத் தொட்டதும் இளைஞர், கன்னத்தைத் தொடுகிறீர்கள், இல்லாத கட்டைவிரலையும் தொடுகிறீர்கள் என்றார். முகத்தில் இன்னோர் இடத்தில் தொட்டால் இன்னொரு விரல். ஒரு சொட்டு வெதுவெதுப்பான நீர் கன்னத்தில் வழிந்தபோது, இல்லாத கையிலும் வெதுவெதுப்பு வழிந்தது. வரைபடத்தை நினைவில் வைத்திருந்தால் காரணம் தானாகத் தோன்றும். கை வீடு காலியானது, பக்கத்து வீட்டு முகம் சுவரை இடித்து உள்ளே வந்துவிட்டது. 1991இல் டிம் பான்ஸ் குழுவினர் குரங்குகளில் செய்த ஆய்வும் இதற்கு ஒத்துப்போனது. பல வருடங்களுக்கு முன் கையின் உணர்வு நரம்புகள் வெட்டப்பட்ட குரங்குகளின் மூளையில், கைக்கான பகுதி முழுக்க முகத்தைத் தொட்டால் சிலிர்த்தது.

கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் எங்கே என்றால், எல்லோருக்கும் கன்னத்தைத் தொட்டால் கை தெரிவதில்லை. அப்புறம், முகம் கையின் வீட்டில் குடியேறியிருந்தால் கை தெரியவே கூடாதே? நடப்பது நேர்மாறு. 20, 30 வருடம் கழித்தும் "விரலை மடக்குகிறேன், நீட்டுகிறேன்" என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஸ்கேனில் படுக்கவைத்து இல்லாத விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னால், பழைய இடத்தில் பழைய வரிசையிலேயே விரல்களின் தடம் தெரிகிறது. இங்கிலாந்தில் டமர் மேக்கின் என்ற ஆய்வாளரின் குழு இதை விடாமல் துருவிக்கொண்டே வந்தது. 2025இல் அவர்கள் வெளியிட்டது எனக்குத் தெளிவான சான்றாகப் படுகிறது. நோய் காரணமாகக் கை எடுக்க வேண்டியிருந்த மூன்று பேரை, எடுப்பதற்கு முன்பே ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டார்கள். பிறகும் தொடர்ந்து செய்தார்கள், ஒருவரை ஐந்து வருடம் கழித்துக்கூட. முன்னே இருந்த விரல் வரைபடமும் பின்னே இருந்ததும் கிட்டத்தட்ட ஒன்றே. உதடு எல்லை தாண்டி வரவே இல்லை. மூன்றே பேர்தான், ஆனால் அதே ஆளை முன்னும் பின்னும் பார்த்தது அதுவரை நடக்காத காரியம்.

அப்படியானால் முன்னே பார்த்தவர்கள் கண்டது என்ன? ஆடி மாதத்தில் கோயில் ஒலிபெருக்கி சட்டென்று நின்றதும் அடுத்த வீட்டு டிவி சத்தம் காதில் விழும். அந்த டிவி அதுவரையும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கையின் பகுதியிலும் முகத்தின் மெல்லிய சத்தம் எப்போதும் இருக்கிறது. கை ஓய்ந்ததும் அது மட்டும் கேட்கிறது, ஆக்கிரமிப்பு போலத் தோன்றுகிறது. குரங்குகள் விஷயத்திலும், மாற்றம் மூளையின் மேற்பரப்பில் இல்லை, கீழே மூளைத்தண்டில்தான் என்று ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தினர் 2014இல் காட்டினார்கள். அது தண்டுவடக் காயம் பட்ட குரங்குகளில் செய்த ஆய்வு. ஆகவே கை கால் எடுத்த மனிதர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இது அப்பாவின் சிகிச்சையை நேரடியாகத் தொடும் விஷயம் என்பதால்தான் இவ்வளவு எழுதினேன். வரைபடம் கலைந்ததால்தான் வலி என்றால், அதைத் திருப்பி ஒழுங்குபடுத்துவதுதான் ஒரே வேலை. வரைபடம் அப்படியே இருக்கிறது என்றால், அதற்குத் தவறான செய்தி எங்கிருந்து போகிறது என்று வழியெல்லாம் தேடிப் பார்க்க வேண்டும். அந்தத் தேடல் மீதமிருக்கும் காலில், நாங்கள் ஸ்டம்ப் என்று சொல்லும் அந்த இடத்தில் தொடங்குகிறது.

கால் எடுக்கும்போது பாதத்துக்குப் போகும் நரம்புகளை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டுப்பட்ட நரம்பு சும்மா இருக்காது. பழைய பாதை எங்கே என்று தேடி இழைகளை நீட்டும். பாதை இல்லாததால் அவை சுருண்டு ஒரு முடிச்சாகும். இதை நியூரோமா என்போம். சில முடிச்சுகள் தொல்லையே தராது. சில முடிச்சுகள் யாரும் தொடாமலே மின்துடிப்பு அனுப்பும். அந்தத் துடிப்பு மேலே போய்ப் பெருவிரல் வீட்டின் மணியை அடிக்கிறது. அல்பேனியாவிலும் இஸ்ரேலிலும் கால் இழந்தவர்களின் கீழ்முதுகில், நரம்புகள் தண்டுவடத்தில் சேருமிடத்தில், மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். மருந்து வேலை செய்த நேரத்தில் பெரும்பாலானோருக்கு வலி மறைந்தது. முழுக்க மூளையிலேயே உற்பத்தியாகும் வலி என்றால் இடுப்பில் போட்ட ஊசிக்கு அடங்காது.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பாவுக்குப் புண் வந்ததும் பெருவிரலில், இப்போது வலிப்பதும் பெருவிரலில். இது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு. எடுப்பதற்கு முன் வாரக்கணக்கில் வலித்த இடம், எடுத்த பிறகும் அதே மாதிரி வலிப்பதைப் பலரிடம் பார்க்கிறோம். நீண்ட நாள் வலி, தண்டுவடத்திலும் மூளையிலும் அந்தப் பாதையை எளிதில் கிளர்ந்தெழும்படி ஆக்கிவிடுகிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் மூன்றைப் பிரித்துப் பாருங்கள். கால் இருப்பது போலத் தெரிகிறது, போர்வை படுகிறது, அரிக்கிறது, ஆனால் வலி இல்லை என்றால் மருந்து எதுவும் வேண்டாம். இல்லாத விரலில் வலி என்றால் அது மாய வலி. இருக்கும் ஸ்டம்பிலேயே வலி என்றால் அது வேறு கணக்கு. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த மூன்றாவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நல்ல வெளிச்சத்தில் ஸ்டம்பைச் சுற்றிலும் பாருங்கள். அடிப்பக்கத்தைப் பார்க்கக் கைக்கண்ணாடி வேண்டும். சிவப்பு, சூடு, நீர்க்கசிவு, வாடை, தோல் கறுத்துப்போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும், காய்ச்சல் வந்தாலும், அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்தவரிடம் காட்டுங்கள். குறைந்துகொண்டு வந்த மாய வலி திடீரென்று கூடினாலும் அப்படித்தான். கிருமித் தொற்றோ, இரத்த ஓட்டக் குறைவோ, சில சமயம் இடுப்பு டிஸ்க் நரம்பை அழுத்துவதோகூட இல்லாத விரலின் வலியாகத்தான் வெளியே தெரியும்.

பிறகு, புண் முழுக்க ஆறியிருப்பதால், ஆள்காட்டி விரல் நுனியால் ஸ்டம்பின் மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். குறிப்பிட்ட ஓரிடத்தில் தட்டும்போதெல்லாம் "சுரீர்னு விரலுக்குப் போகுது" என்றால், அந்த இடத்தைப் பேனாவால் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே நியூரோமா இருக்கலாம். அதற்கு ஊசி உண்டு. தேவைப்பட்டால் அந்த நரம்பு முனையைப் பக்கத்துத் தசையின் நரம்போடு இணைத்துவிடும் அறுவை சிகிச்சையும் உண்டு. போவதற்கு ஒரு பாதை கிடைத்துவிட்டால் நரம்பு அடங்கிப்போகும் என்பதுதான் அதன் தத்துவம்.

இனி கண்ணாடிப் பயிற்சி. ராமச்சந்திரன் கைக்காக ஓர் அட்டைப்பெட்டியில் கண்ணாடி பொருத்தித் தொடங்கியது. காலுக்கு நீளமான கண்ணாடி வேண்டும், பீரோக் கதவுக் கண்ணாடி அளவு. உடையாத அக்ரிலிக் கண்ணாடி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சட்டம் போட்டது. அப்பாவைக் கட்டிலில் முதுகுக்கு அண்டக்கொடுத்து, கால் நீட்டி உட்காரவையுங்கள். இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடியை நீளவாக்கில் நிறுத்துங்கள். முகம் பார்க்கும் பக்கம் இடது காலைப் பார்த்திருக்க வேண்டும். வலது ஸ்டம்ப் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிடும். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து கண்ணாடிக்குள் பார்த்தால், வலது கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழுக்கால் தெரியும். இடது கணுக்காலில் கருப்புக் கயிறு கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். வலது காலில் என்றுமே இல்லாத கயிறு அங்கே தெரிந்தால் மூளை ஏமாறாது.

இடது பாதத்தை மெதுவாக மேலும் கீழும் அசைக்கட்டும், விரல்களை மடக்கி நீட்டட்டும். அதே நேரத்தில் இல்லாத பாதத்தையும் அதேபோல அசைக்க முயல வேண்டும். இதுதான் முக்கியம். வெறுமனே வேடிக்கை பார்த்தால் போதாது. முதல் சில நாள் 5 நிமிடம், பிறகு ஒரு நாளைக்கு 15 நிமிடம், வாரம் 5 நாள், 4 வாரம். இந்தக் கணக்கு அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் கால் இழந்தவர்களுக்கு நடத்திய சோதனையில் பயன்படுத்தியது, 2007இல் வெளியானது. கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடியின் முன் அதே பயிற்சியைச் செய்த 6 பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது, 3 பேருக்குக் கூடியது. எண்ணிக்கை சிறியது என்பதை மறக்க வேண்டாம். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு பளிச்சென்று இல்லை. ஆனாலும் செலவு ஒரு கண்ணாடிதானே.

என்னிடம் வந்த ஒரு லாரி ஓட்டுநரின் கதை சொல்கிறேன். வலது கால் போனவர். இல்லாத பாதம் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கிறது, எடுக்க முடியவில்லை என்பார். பேருந்தில் முன்சீட்டில் உட்கார்ந்தால் இன்னும் மோசம். முதல் வாரம் கண்ணாடியில் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டாவது வாரம், இடது பாதத்தைக் கீழே அழுத்தி, பிறகு மெல்ல விடச் சொன்னேன். ஆறேழு தடவைக்குப் பிறகு "சார், பிரேக்கை விட்டுட்டேன்" என்றார். வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் வந்தால் விடுவிக்கத் தெரிந்துவிட்டது. உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும். விரல் எப்படி மடங்கியிருக்கிறது என்று கேட்டு, இடது பெருவிரலையும் முதலில் அதேபோல மடக்கவையுங்கள். படம் உணர்வோடு ஒத்துப்போன பிறகு மெல்ல நிமிர்த்தட்டும்.

இன்னொருவர், நெசவுத் தொழிலாளி, கண்ணாடி பார்க்கப் பார்க்க வலி கூடுகிறது என்றார். நான் ஒரு வாரம் பிடிவாதமாகத் தொடரச் சொன்னேன். அது என் தப்பு. செயற்கைக் காலின் விளிம்பு ஒரு நியூரோமாவை அழுத்திக்கொண்டிருந்தது. விளிம்பைத் திருத்தியதும் பாதி வலி போனது. அப்பாவுக்குத் தலைசுற்றினாலோ, இரண்டு மூன்று தடவை தொடர்ந்து வலி கூடினாலோ நிறுத்திவிடுங்கள். காலை முழுசாகப் பார்த்ததும் சிலர் அழுதுவிடுவார்கள், அன்றைக்குக் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டு அடுத்த நாள் பார்க்கலாம். நாள் போகப்போக மாயப் பாதம் மேலே ஏறி முழங்காலோடு ஒட்டிக்கொண்டது போல ஆவதும் உண்டு. அப்போது கண்ணாடிப் படம் பொருந்தாமல் போகலாம். இடது காலுக்குக் காலுறை போட்டுக்கொள்ளட்டும், குதிகால் மெத்தையில் உரசிப் புண்ணாகிவிடக் கூடாது. அந்தக் காலையும் தினம் பார்க்க வேண்டும்.

மருந்து பற்றி: சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. நரம்பு வலிக்குக் கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவை கொடுப்போம், சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. கபாபென்டின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, அதனால் சர்க்கரை உள்ளவருக்கு கிரியாட்டினின் பார்த்துத்தான் அளவு தீர்மானிக்க வேண்டும். மற்றவருக்கு எழுதிய சீட்டை வைத்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மலம், சிறுநீர் கழிக்கும்போது வலி சுரீரென்று கூடுவதாகச் சிலர் சொல்வார்கள். அப்பா உங்களிடம் சொல்லக் கூச்சப்படலாம், அண்ணனை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

அவர் தூக்கமே இல்லாமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் தாராளமாகப் போங்கள். அது கால் போன துக்கத்துக்காக. போர்வையை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், "அங்கதான் ஒண்ணுமே இல்லையே" என்று வாதம் செய்ய வேண்டாம்.

கடைசியாக, இன்றைக்கே செய்ய வேண்டிய ஒன்று. அப்பாவின் மூளையில் வலது கால் இன்னும் இருக்கிறது. அரைத் தூக்கத்தில் கழிப்பறைக்கு எழும்போது அந்தக் காலைத்தான் முதலில் ஊன்றுவார். மாயக் காலை ஊன்றி விழுந்து ஸ்டம்ப் பிளந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டிலில் அவர் எந்தப் பக்கமாக இறங்குவாரோ அந்தப் பக்கம், எழுந்தால் கை முதலில் அதில்தான் படும் என்கிற மாதிரி, வாக்கரை நெருக்கமாக வையுங்கள். ஒரு சின்ன இரவு விளக்கும் எரியட்டும்.